திரையில் ஒரு சொல்: ரிட்டர்ன் இப்போது யார் கையில்?

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு முடிந்த சில நாட்களில், அலுவலக வாட்ஸப் குழுக்களில் ஒரே மாதிரியான ஸ்கிரீன்ஷாட்கள் வரத் தொடங்கும். வருமான வரித் துறையின் இணையதளத்திலிருந்து எடுத்த படம். அதில் "Processed" என்றோ "Defective" என்றோ ஒரு சொல். கூடவே ஒரு கேள்வி: "இப்படிக் காட்டுதே, பணம் எப்போ வரும்?" உடனே ஆளுக்கொரு பதில் வரும். எனக்கு மூன்றே நாளில் வந்தது என்பார் ஒருவர். எனக்கு அப்படிக் காட்டிவிட்டு நோட்டீஸ்தான் வந்தது என்பார் இன்னொருவர். இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதை அந்தப் படம் காட்டுவதில்லை.

இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். ரிட்டர்ன் இப்போது யார் கையில் இருக்கிறது? துறையின் கணினியிடமா, வரி செலுத்துபவரிடமா, வங்கியிடமா? யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடுத்த வேலை. பெரும்பாலும் அவருக்கு ஒரு கெடுவும் இருக்கும். துறையின் கையில் இருக்கும்போது பதறுவதில் பயனில்லை. தன் கையில் இருப்பது தெரியாமல் காத்திருந்தால் கெடு போய்விடும்.

சொல்லைப் படிப்பதற்கு முன்னால் படத்தில் பார்க்க வேண்டியது ஆண்டு. இணையதளத்தில் நுழைந்து e-File, Income Tax Returns, View Filed Returns என்று போனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி அட்டை தெரியும். அதில் இருப்பது மதிப்பீட்டு ஆண்டு. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பாதித்த பணத்துக்கான ரிட்டர்ன் அங்கே 2025-26 என்று இருக்கும். இதைக் கவனிக்காமல் போன வருட அட்டையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "ரீஃபண்ட் போட்டாச்சுன்னு காட்டுது, வங்கிக்கு வரலையே" என்று கேட்பவர்கள் உண்டு. திருத்திய ரிட்டர்ன் போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே ஆண்டில் இரண்டு ரிட்டர்ன்கள், இரண்டு ஒப்புகை எண்கள், இரண்டு நிலைகள். பழையதற்கு ஒரு சொல்லும் புதியதற்கு வேறொரு சொல்லும் இருக்கலாம். எது எதற்குரியது என்பதை ஒப்புகை எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

தாக்கல் செய்தவுடன் வரும் முதல் நிலை, சரிபார்ப்பு பாக்கி என்பது. ரிட்டர்னை அனுப்பினாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆதார் ஓடிபி, நெட்பேங்கிங் போன்ற வழிகளில் அதை உறுதிசெய்ய வேண்டும், அல்லது ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுப் பெங்களூருவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதற்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது 30 நாளாகச் சுருங்கிவிட்டது. 30 நாள் தாண்டி உறுதிசெய்தால், அன்றுதான் ரிட்டர்ன் தாக்கலானது என்று எடுத்துக்கொள்வார்கள். கெடுவுக்குள் அனுப்பியவரும் தாமதக் கட்டணம் கட்ட நேரிடும்.

உறுதிசெய்த பிறகு ரிட்டர்ன் துறையின் கைக்குப் போகிறது. பெங்களூருவில் உள்ள மையப்படுத்தப்பட்ட செயலாக்க மையத்தில், ரிட்டர்னில் உள்ள எண்களைக் கணினி மற்ற தகவல்களோடு ஒப்பிடுகிறது. இங்கிருந்துதான் பாதை பிரிகிறது.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர், புதிய வரி முறையில் இருப்பவர். 2024-25 நிதியாண்டில் அவர் சம்பளம் 9,00,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 8,25,000. இதற்கான வரி, செஸ்ஸையும் சேர்த்து 33,800 ரூபாய். அவர் நிறுவனம் அதை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிட்டது. இதற்கிடையே வேறொரு கம்பெனிக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லி அவர் 1,00,000 ரூபாய் சம்பாதித்தார். அந்தக் கம்பெனி 10 சதவீதம், அதாவது 10,000 ரூபாயை டிடிஎஸ் ஆகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது.

ரிட்டர்ன் போடும்போது அவர் எளிதான ஐடிஆர்-1 படிவத்தைத் தேர்ந்தெடுத்தார். சம்பளம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. டிடிஎஸ் பட்டியலில் இரண்டு நிறுவனங்கள் பிடித்ததும் இருந்தன. ஆலோசனைக் கட்டணத்தைக் காட்ட அந்தப் படிவத்தில் பொருத்தமான இடம் இல்லாததால் அதை விட்டுவிட்டு அனுப்பினார். கட்ட வேண்டிய வரி 33,800. ஏற்கெனவே பிடித்தது 43,800. எனவே 10,000 ரூபாய் ரீஃபண்ட் வரும் என்று திரை காட்டியது. அவருக்கும் மகிழ்ச்சி.

சில வாரங்களில் அட்டையில் "Defective" என்று வந்தது.

இந்தச் சொல் பலரைக் கலங்க வைக்கிறது. ஏதோ குற்றம் செய்துவிட்டதாக, அபராதம் வரப்போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வருமான வரிச் சட்டத்தின் 139(9) பிரிவு வரி செலுத்துபவருக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. ரிட்டர்னில் குறை இருக்கிறது, இன்ன குறை என்று சொல்கிறோம், சரிசெய்து அனுப்புங்கள் என்பதே அந்த நோட்டீஸ். மேலே சொன்ன பொறியாளரின் குறை மிகப் பரவலாக வருவது. ஒரு வருமானத்தில் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், அந்த வருமானத்தையோ காட்டவே இல்லை. தவறான படிவம் தேர்ந்தெடுத்தல், தொழில் வருமானம் உள்ளவர் லாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் வெறுமையாக விடுதல், 26ஏஎஸ் படிவத்தில் தெரியும் வரவைவிடக் குறைவாக வரவு காட்டுதல் ஆகியவையும் வழக்கமாக வரும் குறைகள்.

ஆனால் இந்தச் சொல்லோடு ஒரு கெடு வருகிறது. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள். போதாது என்றால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். அதையும் கெடு முடிவதற்குள் கேட்பதே பாதுகாப்பு. ஸ்கிரீன்ஷாட்டில் இந்தத் தேதி தெரியாது. Pending Actions, e-Proceedings என்ற பகுதிக்குப் போய் நோட்டீஸைத் திறந்தால்தான் என்ன குறை, எந்தத் தேதியிட்ட நோட்டீஸ் என்பது தெரியும். அந்தப் பக்கத்திலேயே குறையை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் திருத்திய ரிட்டர்னை அங்கேயே பதிலாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். ஒருமுறை அனுப்பிய பதிலைத் திரும்பப் பெறவோ மாற்றவோ முடியாது. எனவே இந்த இடத்தில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. நம் சார்பில் பதில் தர இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கவும் தளத்தில் வழி உண்டு.

15 நாளும் கூடுதலாகக் கிடைத்த அவகாசமும் முடிந்து பதிலே போகவில்லை என்றால் நிலைமை கடுமையாகும். அந்த ரிட்டர்ன் செல்லாததாகிவிடும். சட்டத்தின் கண்ணில் அவர் ரிட்டர்னே போடவில்லை. கேட்ட ரீஃபண்ட் போகும். பங்குச் சந்தை நட்டம் போன்றவற்றை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் உரிமையும் போகலாம். பிறகு தாமதமாகத் தாக்கல் செய்தால் 234எஃப் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். ஒரு மின்னஞ்சலைத் திறக்காததற்கு இவ்வளவு விலை அதிகம். அதனாலேயே பதிவுசெய்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தன்னுடையதுதானா என்பதை ஒவ்வொருவரும் பார்த்து வைக்க வேண்டும். ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், நோட்டீஸ் அவருக்குப் போய் அங்கேயே தூங்கும்.

நம் பொறியாளர் கெடுவுக்குள் குறையை ஒப்புக்கொண்டார். இம்முறை ஐடிஆர்-4 படிவம். பொறியியல் ஆலோசனை, 44ஏடிஏ பிரிவு சொல்லும் தொழில்களில் ஒன்று. வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், விரிவான கணக்கு வேண்டியதில்லை. ஒரு லட்சத்தில் 50,000 வருமானமாகச் சேர்ந்தது. மொத்தம் 8,75,000. வரி 37,500, செஸ் 1,500, ஆக 39,000. பிடித்தது 43,800 என்பதால் ரீஃபண்ட் 4,800 ரூபாய். எதிர்பார்த்த 10,000 பாதியாகக் குறைந்தது. ஆனால் இதுதான் அவருக்கு உரிய பணம்.

அடுத்து வருவது எல்லோரும் காத்திருக்கும் "Processed". கணினி கணக்குப் பார்த்து முடித்துவிட்டது என்பது மட்டுமே இதன் பொருள். பார்த்ததன் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: ரீஃபண்ட் உண்டு, பாக்கி உண்டு, கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை. முழு வரியையும் காட்டும் படமென்றால் "Processed with refund due", "Processed with demand due", "Processed with no demand no refund" என்ற மூன்றில் எது என்பது தெரியும். வெட்டி எடுத்த படத்தில் முதல் சொல் மட்டும் இருந்தால் ஆடிட்டரே பார்த்தாலும் பதில் சொல்ல முடியாது.

முடிவின் விவரம் 143(1) பிரிவின்கீழ் வரும் இன்டிமேஷன் என்ற அறிவிப்பில் இருக்கிறது. மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக வரும். பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த நாள், மாதம், ஆண்டைச் சேர்த்தால் அது திறக்கும். உள்ளே இரண்டு பத்திகள். ஒன்றில் வரி செலுத்துபவர் ரிட்டர்னில் சொன்ன எண்கள். பக்கத்தில் 143(1) பிரிவின்படி துறை கணக்கிட்ட எண்கள். வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த இரண்டு பத்திகளையும் விரல் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். எண் மாறும் முதல் வரிதான் பிரச்சினையின் இடம்.

அதே பொறியாளர் முதலிலேயே சரியாகத் தாக்கல் செய்திருந்தாலும், ஆலோசனை பெற்ற கம்பெனி பிடித்த 10,000 ரூபாய்க்கு டிடிஎஸ் அறிக்கை தாக்கல் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் அவருடைய 26ஏஎஸ் படிவத்தில் ஏறாது. இடது பத்தியில் டிடிஎஸ் 43,800 என்றும் வலது பத்தியில் 33,800 என்றும் இருக்கும். வரி 39,000 தான், மாற்றமில்லை. முடிவில் 4,800 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 5,200 ரூபாய் கட்டச் சொல்லி டிமாண்ட் நிற்கும். அட்டையில் இதற்கும் முதல் சொல் "Processed" தான்.

இப்படி வந்தால் அவசரப்பட்டு 5,200 ரூபாயைக் கட்ட வேண்டியதில்லை. ஒருவரின் வருமானத்தில் வரியைப் பிடித்துவிட்டால், அந்த அளவுக்கு அவரிடமே மறுபடி வரி கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. Pending Actions பகுதியில் Response to Outstanding Demand என்ற இடத்தில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதிலளிக்கலாம். அதே சமயம் கம்பெனியின் கணக்குப் பிரிவைத் தொடர்புகொண்டு அறிக்கையைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். 26ஏஎஸ் படிவத்தில் பணம் ஏறிய பிறகு, Services பகுதியில் Rectification என்பதைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்னை மறுபடி செயலாக்கும்படி கோரலாம். அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை இதற்கு வழி இருக்கிறது. ஆனால் டிமாண்டைப் பதிலில்லாமல் விட்டுவைப்பது தவறு. உண்மையான பாக்கியாக இருந்தால் 30 நாளுக்குப் பிறகு மாதத்துக்கு 1 சதவீத வட்டி ஏறும்.

செயலாக்கம் முடிவதற்குத் துறைக்கும் ஒரு கெடு உண்டு. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் தணிக்கை தேவைப்படாதவர்களுக்குக் கடைசி நாள் 2025 செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நாளில் தாக்கல் செய்தவரின் ரிட்டர்னுக்குத் துறை 2026 டிசம்பர் 31 வரை இன்டிமேஷன் அனுப்பலாம். எனவே "Under processing" என்று மாதக்கணக்கில் நிற்பது மட்டுமே ஆபத்தின் அறிகுறி ஆகாது. "Processed" வந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்றும் ஆகாது. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து மூன்று மாதம் வரை, விரிவான ஆய்வுக்கு 143(2) பிரிவின் நோட்டீஸ் வரலாம். ஒரு சில ரிட்டர்ன்களுக்கு, வழக்கு மதிப்பீட்டு அதிகாரிக்கு மாற்றப்பட்டது என்ற நிலை தெரியும். அப்போது பெங்களூரு மையத்தை விட்டுவிட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

"Refund issued" என்ற சொல் வந்தால் பணம் துறையின் கையை விட்டு வங்கிக்குப் போகிறது. ரீஃபண்ட் பணத்தைப் பட்டுவாடா செய்வது ஸ்டேட் வங்கி. ரிட்டர்னை உறுதிசெய்த பிறகு, பொதுவாக நான்கைந்து வாரங்களில் பணம் கணக்கில் சேரும் என்று துறையின் தளமே சொல்கிறது. நம் பொறியாளருக்கு 4,800 ரூபாயோடு கொஞ்சம் வட்டியும் சேரலாம். ரீஃபண்ட் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மாதத்துக்கு அரை சதவீதம், அவர் கணக்கில் மாதம் 24 ரூபாய். தாமதத்துக்கு அவரே காரணமான நாட்களுக்கு அது கிடைக்காது. அந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சில சமயம் அனுப்பிய பணம் திரும்பி வந்து, "Refund failed" என்று மாறும். காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். தளத்தில் முன்சரிபார்ப்பு செய்யாத கணக்கு, பான் அட்டையில் ஒரு பெயரும் வங்கியில் வேறு பெயரும், மூடிய கணக்கு, மாறிப்போன ஐஎஃப்எஸ்சி குறியீடு. அலகாபாத் வங்கி 2020-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. பழைய குறியீட்டை மாற்றாமல் விட்ட வாடிக்கையாளர்களின் விவரங்கள் தளத்தில் காலாவதியாகிக் கிடக்கும். இப்போது ரிட்டர்ன் மறுபடி வரி செலுத்துபவரின் கையில். கணக்கைச் சரிபார்த்துவிட்டு Services பகுதியில் Refund Reissue என்ற கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். தானாக மறுபடி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பணம் திரும்பாமலேயே குறைந்து வருவதும் உண்டு. பழைய ஆண்டுகளின் பாக்கியை 245-ஆம் பிரிவின்படி ரீஃபண்டில் கழித்துக்கொண்டால், ஒரு பகுதியோ முழுவதுமோ ஈடுசெய்யப்பட்டது என்று திரை காட்டும். கழிப்பதற்கு முன் துறை ஒரு அறிவிப்பு அனுப்பும், அதற்கு மறுப்புச் சொல்லலாம். அந்தப் பழைய பாக்கி உண்மையானதா என்று பார்ப்பது அவசியம். 2024 பிப்ரவரியில் துறை சிறு பாக்கிகளைத் தள்ளுபடி செய்தது. 2009-10 நிதியாண்டு வரை ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்குட்பட்டவை, 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய்க்குட்பட்டவை, ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் வரை. அதில் வந்திருக்க வேண்டிய பாக்கி இன்னும் பட்டியலில் நிற்கிறதென்றால் கேள்வி கேட்கலாம்.

இந்தப் படங்களைப் பகிர்வதில் இன்னொரு ஆபத்து. அட்டையில் பான் எண், ஒப்புகை எண், சில திரைகளில் வங்கிக் கணக்கு எண்கூடத் தெரியும். இன்டிமேஷன் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லே பான் எண்ணும் பிறந்த தேதியும்தான். பிறந்தநாள் வாழ்த்து குவியும் அதே குழுவில் பான் எண் தெரியும் படத்தைப் போட்டால் இரண்டும் அங்கேயே கிடைத்துவிடும். அந்த எண்களை மறைத்து, ஆண்டும் நிலையும் முழுதாகத் தெரியும்படி அனுப்பினால் உதவுபவருக்கும் போதும். ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணை இந்த இணைப்பில் உறுதிசெய்யுங்கள் என்று வரும் குறுஞ்செய்திகளில் உள்ள இணைப்பைத் தொடவே கூடாது. பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் துறை மின்னஞ்சலில் கேட்பதில்லை. கையில் வந்த நோட்டீஸ் உண்மையா என்ற சந்தேகம் வந்தால், incometax.gov.in முகப்பில் Authenticate notice/order issued by ITD என்ற இடத்தில் நோட்டீஸில் உள்ள ஆவண அடையாள எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். லாகின் செய்யத் தேவையில்லை. துறை அனுப்பிய நோட்டீஸ் என்றால் அங்கே பதிவு இருக்கும்.